ரூட்டர் இல்லாத வீட்டில் போன் படத்தை டிவியில் காட்டுவது எப்படி?

பாம்பனில் என் சித்தப்பா வீட்டில் ரூட்டர் கிடையாது. மொபைல் சிக்னலும் வீட்டுக்குள் ஒரு கோடு, மொட்டை மாடிக்குப் போனால் இரண்டு கோடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்த 61 நாளும் வீட்டில் எல்லாரும் இருப்பார்கள் என்பதால், தங்கச்சியின் வளைகாப்பையும் அப்போதுதான் வைத்தார்கள். நான் போனில் எடுத்த வீடியோ நாற்பது நிமிடம். அப்பத்தாவுக்குக் கண்புரை, போன் திரையில் முகங்கள் தெரியவில்லை. சரி, 32 இஞ்ச் டிவியில் போட்டுக் காட்டுவோம் என்று உட்கார்ந்தேன்.

"டவரே இல்ல, இது எப்படிப்பா ஓடும்?" என்றார் சித்தப்பா.

ஓடும். வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. வைஃபை என்பது இரண்டு கருவிகளுக்கு நடுவே ஓடும் ரேடியோ அலைதான். வைஃபை டைரக்ட் என்ற முறையில் போனும் டிவியும் தங்களுக்குள் பேசி, யார் தலைமை என்று முடிவு செய்துகொள்ளும். தலைமை ஏற்ற கருவி ஒரு குட்டி ரூட்டர் போல நடந்துகொள்ளும், மற்றது அதில் சேர்ந்துகொள்ளும். வைஃபை பட்டியலில் சில சமயம் `DIRECT-` என்று தொடங்கும் பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். அவை இப்படி உருவான குட்டி வலைதான். இதன் மேல் போன் திரையை அப்படியே அனுப்பும் முறைக்கு மிராகாஸ்ட் என்று பெயர். 2012 முதல் இருக்கிறது.

முதலில் டிவியைப் பாருங்கள்

யூடியூபில் வரும் காஸ்ட் பொத்தானை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்குப் போனும் டிவியும் ஒரே வலையில் இருக்க வேண்டும். நமக்கு வேண்டியது ரிமோட்டில் Source அல்லது Input அழுத்தினால் வரும் பட்டியலிலோ, ஆப் வரிசையிலோ `Screen Mirroring`, `Wireless Display`, `Miracast`, `Screen Share` என்ற ஏதாவது ஒரு பெயர். அதைத் திறந்து, டிவி காத்திருக்கும் திரைக்கு வரட்டும். எவ்வளவு தேடியும் இப்படி எதுவும் இல்லையென்றால் அந்த டிவியில் மிராகாஸ்ட் இல்லை. கீழே கோப்பை அனுப்பும் வழிக்குப் போய்விடுங்கள்.

அப்புறம் போன்

வைஃபையை ஆன் செய்யுங்கள். எந்தப் பெயரிலும் சேர வேண்டாம், ஆன் ஆக இருந்தால் போதும். லொக்கேஷனையும் ஆன் செய்யுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்கள் அது இல்லாமல் அருகில் உள்ள கருவிகளைத் தேடாது. சாம்சங்கில் இதற்குப் பெயர் `Smart View`. மற்றவற்றில் `Cast` அல்லது `Screencast` என்று இருக்கும். மேலிருந்து இழுக்கும் பட்டியலிலேயே கிடைக்கும். திறந்தால் டிவியின் பெயர் வரும், தொடுங்கள். டிவியில் அனுமதி கேட்டால் ரிமோட்டில் சரி கொடுங்கள். இந்தக் கேள்வி சில நொடிகளில் மறைந்துவிடும், அதனால் ரிமோட் கையில் இருக்கட்டும்.

படம் விட்டுவிட்டு வந்தால்

எனக்கு ஒரு மாலை முழுவதும் போனது இங்கேதான். இணைப்பு உடனே கிடைத்துவிட்டது. ஆனால் தங்கச்சிக்கு முதல் வளையல் போடும் இடத்தில் படம் உறைந்து நின்றது. இரண்டு நொடி ஓடும், மறுபடி நிற்கும். டிவிக்கு ஒரு அடி பக்கத்தில் போனேன், மாற்றமே இல்லை. தூரம் காரணமாக இருந்தால் பக்கத்தில் போனதும் சரியாகும். பக்கத்தில் போயும் அதே தாளத்தில் விட்டுவிட்டு நின்றால் காரணம் வேறு.

என் போன் எனக்குத் தெரியாமலேயே பக்கத்து வீட்டு ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்திருந்தது. எப்போதோ ஒருமுறை பாஸ்வேர்டு வாங்கிப் போட்டது, அதுவாகவே ஒட்டிக்கொண்டது. இதில் என்ன கெடுதல் என்று சித்தப்பாவுக்குப் படகில் இருக்கும் வயர்லெஸ் செட்டை வைத்துத்தான் விளக்கினேன். ஒரே செட்டில் 16ஆம் சேனலையும் கேட்க வேண்டும், பக்கத்துப் படகோடு வேறொரு சேனலிலும் பேச வேண்டும் என்றால் என்ன செய்வோம்? மாற்றி மாற்றித் திருப்புவோம். திருப்பும்போதெல்லாம் அந்தப் பக்கப் பேச்சில் பாதி போய்விடும். பல போன்களிலும் இதே கதைதான். பக்கத்து வீட்டு வலை ஒரு சேனலில், டிவி இன்னொரு சேனலில். போன் இரண்டுக்கும் நடுவே தாவிக்கொண்டே இருக்க, படத்துக்குப் பாதி நேரம்தான் கிடைக்கும்.

தீர்வு எளிது. வைஃபை பட்டியலில் சேர்ந்திருக்கும் பெயரைத் தொட்டு `Forget` கொடுங்கள். வெறும் `Disconnect` போதாது, கொஞ்ச நேரத்தில் மறுபடி சேர்ந்துவிடும். வைஃபையையே அணைத்துவிடவும் கூடாது, அணைத்தால் டிவி இணைப்பும் போய்விடும். இதைச் செய்ததும் படம் ஒருமுறைகூட நிற்கவில்லை. ப்ளூடூத் இயர்போன் மாட்டியிருந்தால் அதையும் கழற்றுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் அதுவும் அதே இடத்தைப் பிடிக்கிறது.

போன் திரை அணைந்தால் டிவியிலும் படம் போய்விடும். ஸ்க்ரீன் டைம்அவுட்டைக் கூட்டி வைத்து, சார்ஜரிலும் போட்டுவிடுங்கள்.

நீளமான வீடியோ என்றால் கோப்பையே அனுப்புங்கள்

நாற்பது நிமிடப் படத்தை அப்பத்தா மூன்று தடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும் போனைக் கட்டிப்போட முடியாது. ஆண்ட்ராய்டு டிவி என்றால் எனக்குப் பிடித்த வழி போனின் ஹாட்ஸ்பாட்தான். முன்பு பலரும் நம்பியிருந்த ஷேர்இட் 2020 ஜூனிலேயே இந்தியாவில் தடையானது. அதை எங்கிருந்தோ தேடி இறக்காதீர்கள். நான் பயன்படுத்துவது `Send files to TV`. இதைப் போனிலும் டிவியிலும் ஒருமுறை பிளே ஸ்டோரில் இருந்து போட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஒருமுறைக்கு மட்டும் இன்டர்நெட் தேவை. மாடிக்குப் போய்ப் போனில் இறக்கினேன். டிவிக்கு ஹாட்ஸ்பாட்டில் மொபைல் டேட்டா கொடுத்தேன், போனை ஜன்னலில் வைத்துத்தான் முடிந்தது.

பிறகு மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஹாட்ஸ்பாட்டை மட்டும் ஆன் ஆக விடுங்கள். இல்லாவிட்டால் டிவி தன் அப்டேட்டுகளை உங்கள் டேட்டாவில் இறக்கும். டிவி வைஃபையில் உங்கள் போன் பெயரைத் தேர்ந்தெடுங்கள். இன்டர்நெட் இல்லை என்று டிவி சொல்லும், சொல்லட்டும். டிவி ஆப்பில் `Receive`, போன் ஆப்பில் `Send`, கோப்பைத் தேர்ந்தெடுத்து டிவி பெயரைத் தொடுங்கள். எனக்கு 1.8 ஜிபி போய்ச்சேர எட்டு நிமிடம் ஆனது. அனுப்பும் முன் டிவியின் Storage பகுதியில் காலி இடம் பாருங்கள். 8 ஜிபி டிவியில் நமக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். வந்த கோப்பு டிவியின் `Download` ஃபோல்டரில் இருக்கும். விஎல்சியில் திறந்தால் நன்றாக ஓடும்.

ஒன்று கவனிக்க வேண்டும். ஹாட்ஸ்பாட் ஆன் ஆக இருக்கும்போது பல போன்களில் மிராகாஸ்ட் வேலை செய்யாது. இரண்டில் எது வேண்டுமோ அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை

கீழக்கரையில் இருந்து ஒரு அக்கா, தன் டிவியில் போனின் ஹாட்ஸ்பாட் பெயரே வரவில்லை என்று எழுதியிருந்தார். போனில் ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தது. விலை குறைந்த டிவிகள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். ஹாட்ஸ்பாட் அமைப்பில் Band என்ற இடத்தில் 2.4 என்று மாற்றியதும் பெயர் வந்துவிட்டது.

ஐபோன் வைத்திருப்பவர்களும் கேட்டிருந்தார்கள். ஐபோனில் மிராகாஸ்ட் கிடையாது. ரூட்டரும் இல்லை, டிவியும் ஏர்பிளே டிவி இல்லை என்றால் அலைந்து திரிய வேண்டாம், போனுக்கு ஏற்ற எச்டிஎம்ஐ அடாப்டரும் ஒரு கேபிளும் வாங்கிச் சொருகிவிடுங்கள்.