மூங்கில் குருத்து: அடையாளம் காண்பதிலும் வேகவைப்பதிலும் நேரும் தவறுகள்

தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கூடலூர், வயநாடு, குடகு என மூன்று பக்கமும் மூங்கில் புதர்களின் அடியில் குருத்து கிளம்பிவிடும். கன்னடத்தில் களலெ என்றும் குடகர்கள் பைம்பளே என்றும் சொல்லும் இந்தக் குருத்து ஆடி மாதம் முழுக்க அங்கே சமையலறையில் இருக்கும். அதே நாட்களில் என் கைபேசிக்கும் படங்கள் வரத் தொடங்கும். கீழே ஒரே கேள்விதான்: "அண்ணா, இது சாப்பிடலாமா?"

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இது எந்த மூங்கில் என்பது ஒன்று. இதை உண்டால் உடம்புக்கு ஆகுமா என்பது இன்னொன்று. நல்ல படம் கிடைத்தால் முதலாவதற்குப் பெரும்பாலும் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு எந்தப் படத்தைப் பார்த்தும் பதில் சொல்ல முடியாது. அது அடுப்பில் தீர வேண்டிய விஷயம். இதைப் பிரித்துப் பார்க்காமல், "உண்ணும் வகைதான்" என்று யாரோ சொன்னதை "அப்படியே சமைக்கலாம்" என்று எடுத்துக்கொள்வதுதான் நான் பார்க்கும் தவறுகளிலேயே பெரியது.

ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன். பந்தலூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அனுப்பியது. முறத்தில் வெள்ளை வெளேரென்று உரித்து வைத்த ஒரு கூம்பு. "முள் மூங்கிலா, கல் மூங்கிலா?" என்று கேட்டிருந்தார். உரித்த பிறகு எல்லா மூங்கில் குருத்தும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். அடையாளம் முழுவதும் அவர் குப்பைக்குழியில் வீசிய உறைகளில் போய்விட்டது. அடிப்பக்கத்து உறைகளில் கிழியாத ஒன்றை எடுத்துக் கழுவாமல், வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று, உச்சியை நெருக்கத்தில் ஒன்று என மூன்று படம் அனுப்பச் சொன்னேன். உறையின் சுணை தோலில் ஏறினால் நாள் முழுக்க அரிக்கும் என்பதால் கையுறை போட்டுக்கொள்ளவும் சொன்னேன்.

உறையின் உச்சியில் ஒரு சிறு முக்கோண இலை ஒட்டியிருக்கும். பார்க்க வேண்டியது அதைத்தான். நம் பக்கத்து முள் மூங்கிலில் இந்த முக்கோணத்தின் உள்பக்கம் கரும்பழுப்பு நிறச் சுணை கம்பளி போல அடர்ந்து படிந்திருக்கும். முக்கோணத்தின் ஓரங்கள் உறையின் தோள்மீது வழிந்து இறங்கும்; இரு பக்கமும் காது போன்ற மடல் எடுப்பாகத் தெரியாது. இளம் உறையின் வெளிப்பக்கம் ஆரஞ்சு கலந்த மஞ்சளாக இருக்கும். அதில் பச்சை அல்லது சிவப்புக் கீற்று ஓடும். கல் மூங்கிலின் உறை இதைவிடச் சிறியது. அதன் முதுகில் பொன்பழுப்பு நிறத்தில் விறைப்பான மயிர் இருக்கும், உச்சி இலை குறுகியிருக்கும். வீட்டு வாசலிலும் பூங்காவிலும் வளர்க்கும் மஞ்சள் மூங்கிலை அறிவது எளிது: முக்கோணத்தின் இரு பக்கமும் உருண்டையான காது மடல் நன்றாகப் புடைத்து, அதன் விளிம்பில் குத்திட்ட மயிர் வரிசை இருக்கும். அதன் குருத்தைச் சில நாடுகளில் உண்கிறார்கள், ஆனால் கசப்பு அதிகம். என்னைக் கேட்டால் விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

இங்கேதான் அடுத்த தவறு. சுணையை மட்டும் பார்த்து முடிவு கட்டிவிடுவார்கள். மழை மிகுந்த இடத்தில் வளரும் கல் மூங்கிலின் உறையில் மயிரே இல்லாமலும் இருக்கும். எந்த மூங்கிலானாலும் பையில் போட்டுக் கொண்டுவரும்போது சுணை உதிர்ந்துவிடும். நனைந்த உறையின் நிறம் படத்தில் வேறாகத் தெரியும். ஆகவே குருத்தோடு தாய்ப்புதரின் படமும் வேண்டும். முள் மூங்கில் என்றால் புதரின் அடியில் கிளைகள் பின்னி, கணுவுக்கு இரண்டு மூன்றாக வளைந்த முள் நிற்கும். கல் மூங்கிலில் முள் இருக்காது; வெட்டிய பழைய கழையின் உள்ளே பொள்ளல் இல்லாமலோ மிகச் சிறிதாகவோ இருக்கும். உறையும் புதரும் ஒரே பெயரைச் சொன்னால்தான் நான் பதில் எழுதுவேன்.

பருமனையும் கூம்பு வடிவத்தையும் வைத்து இனம் சொல்வதையும் விட்டுவிட வேண்டும். ஒரே புதரில் வலுவான கிழங்கிலிருந்து வருவது தொடைப் பருமன் இருக்கும், ஓரத்தில் வருவது மணிக்கட்டு அளவுதான் இருக்கும். வடிவம் சொல்வது வயதை. முழங்கால் உயரத்துக்குள், உறைகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்தபடி இருந்தால் இளசு. உறைகளுக்கு நடுவே பச்சைத் தண்டு தெரியத் தொடங்கிவிட்டால் அது நாரேறிய குருத்து.

இது மூங்கில்தானா என்பதிலேயே சந்தேகம் வருவதும் உண்டு. முதல் மழையில் காட்டுச் சேனையும் மண்ணைப் பிளந்துகொண்டு கூரிய முளையாகத்தான் எழும்பும். மேலிருந்து எடுத்த மங்கலான படத்தில் புதியவர்கள் ஏமாறலாம். மூங்கிலின் உறைகள் இடம் ஒன்று வலம் ஒன்று என மாறி மாறி, இரண்டே வரிசையில் ஏறும். நெடுக்காகப் பிளந்தால் உள்ளே ஏணிப்படி போல வெள்ளைத் தடுப்புகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். அந்த ஏணி இல்லாததை மூங்கில் என்று எண்ணி வாயில் வைக்கக் கூடாது.

நண்பரின் குருத்து முள் மூங்கில் என்று உறுதியானது. உடனே அவர், "அப்படியானால் குக்கரில் போட்டுவிடட்டுமா?" என்று கேட்டார்.

அடுப்பில் நடப்பது

மூங்கில் குருத்தில் டாக்ஸிஃபில்லின் என்ற பொருள் இருக்கிறது. அதனுள் சயனைடு கட்டுண்டு கிடக்கிறது. அதைப் பிரித்துவிடும் நொதியும் அதே குருத்தில், ஆனால் வேறு அறையில் இருக்கிறது. கத்தி படும்போது, பல்லால் கடிக்கும்போது, இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளியாகிறது. உண்ணும் வகை, உண்ணாத வகை என்று இது பார்ப்பதில்லை. முள் மூங்கிலிலும் இருக்கிறது, வடகிழக்கில் சந்தையில் குவித்து விற்கும் மூங்கில்களிலும் இருக்கிறது. அளவுதான் இனத்துக்கு இனம், புதருக்குப் புதர் மாறுகிறது. ஒரே குருத்துக்குள்ளும் அது சமமாக இல்லை: அடியைவிட நுனியில் பல மடங்கு அதிகம். நுனிதான் மிக மென்மையானது என்பதால் "இது சீக்கிரம் வெந்துவிடும்" என்று கடைசியில் போட்டு முதலில் எடுத்துவிடுகிறார்கள். நேர்மாறாகச் செய்ய வேண்டியது அது. கசக்கிறதா என்று பார்க்கப் பச்சையாக ஒரு துண்டைக் கடிப்பதும் வேண்டாம்.

நல்ல வேளையாக இந்தப் பொருள் சூட்டுக்குத் தாங்காது. அதிலிருந்து வெளியாகும் ஹைட்ரஜன் சயனைடு ஏறக்குறைய 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடக் கூடியது. பாத்திரத்தைத் திறந்து வைத்துக் கொதிக்க விடச் சொல்வது இதற்காகத்தான். மூடி போட்டால் வெளியேற வேண்டியது மூடியில் முட்டி மறுபடி தண்ணீரில் இறங்கும். அடுப்பு இருக்கும் அறையின் சன்னலையும் திறந்து வையுங்கள்.

நண்பரின் குருத்து உறையோடு ஒன்றரைக் கிலோ இருந்தது. உரித்து, நகம் இறங்காத அடிப்பகுதியைக் கழித்த பின் மிஞ்சியது அரைக் கிலோ; மூன்றில் ஒரு பங்கு தேறுவதே வழக்கம். அதை நுனி உட்பட மெல்லிய வில்லைகளாக, தீக்குச்சிக் கனத்துக்குச் சற்று மேல், அரியச் சொன்னேன். வில்லை மூழ்கி மேலே நான்கு விரல் தண்ணீர் நிற்கும் அளவுக்குப் பெரிய பாத்திரம். குடகு வழக்கப்படி வில்லைகளைத் தண்ணீரில் ஊறவைத்து, நாள்தோறும் தண்ணீரை மாற்றி, மூன்றாம் நாள் எடுத்தார். நச்சின் ஒரு பங்கு இப்படிக் கரைந்து போகும். ஆனால் ஊறவைத்ததே போதும் என்று நேரே தாளிக்கப் போய்விடக் கூடாது. புதுத் தண்ணீரில் போட்டு, மூடி இல்லாமல், நன்றாகக் கொதி வந்ததிலிருந்து 20 நிமிடம். அந்தத் தண்ணீரை முழுவதும் கொட்டிவிட்டு, மறுபடி புதுத் தண்ணீரில் இன்னொரு 20 நிமிடம். இரண்டாவது தடவை எதற்கு என்று கேட்டார். கொதிநிலையை ஒட்டிய சூட்டில் 20 நிமிடம் வேகவைத்தபோது சயனைடில் சுமார் 70 சதவீதம்தான் நீங்கியது என்று ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. நேரம் கூடக்கூட மிச்சம் குறைகிறது. வேகவைத்த தண்ணீரைச் சத்து போய்விடும் என்று குழம்பில் சேர்ப்பவர்களும் உண்டு. நீக்கியதை எல்லாம் திரும்ப ஊற்றுவதுதான் அது.

இவ்வளவும் ஆன பிறகு ஒரு வில்லையை வாயில் வைத்துப் பார்க்கலாம். கசப்பு தூக்கலாக இருந்தால் மூன்றாவது தண்ணீர். கசப்பே இல்லை என்பதால் முதல் இரண்டைத் தவிர்த்துவிடக் கூடாது. நாக்கு அளவுமானி அல்ல. குக்கர் வேண்டுமானால் இதற்குப் பிறகு, தேங்காய் அரைத்த கறிக்கு.

அண்மையில் அதிகம் பார்க்கும் ஒரு தவறு, இரண்டு ஊர்களின் முறையைப் பாதி பாதியாகக் கலப்பது. ஜப்பானில் மோசோ என்னும் மூங்கிலின் குருத்தை உறையோடு முழுசாக, அரிசித் தவிடு போட்டு, ஒரு மணி நேரத்துக்கும் மேல் வேகவைத்து, அதே தண்ணீரில் ஆறவிடுவார்கள். அது அவர்களுடைய மூங்கிலுக்குப் பழகிய முறை. அந்தக் காணொளியைப் பார்த்து நம் முள் மூங்கிலை முழுசாகப் போட்டு, நம் வழக்கத்து 20 நிமிடத்தில் இறக்கினால், உள்ளே நடுப்பகுதிக்குச் சூடும் சரியாகப் போகாது, சயனைடு வெளியேற வழியும் இருக்காது.

மிச்சத்தை வேகவைத்துப் புட்டியில் அடைத்து மாதக்கணக்கில் வைப்பதை வீட்டில் செய்யாதீர்கள். புளிப்பில்லாத, காற்றுப் புகாத புட்டி பாட்டுலிசம் நச்சை உண்டாக்கும் நுண்ணுயிருக்கு ஏற்ற இடம். அதன் வித்துகள் வெறும் கொதிநீரில் சாவதில்லை. தாய்லாந்தில் நான் என்ற பெயர் கொண்ட மாகாணத்தில் 2006 மார்ச்சில், உள்ளூரில் தகர டப்பியில் அடைத்த மூங்கில் குருத்தை உண்டு 200 பேருக்கு மேல் நோயுற்றார்கள். வேகவைத்ததைக் குளிர்பெட்டியில் வைத்து ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள்.

குருத்து சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ தலைவலி, தலைச்சுற்றல், வாந்தி, மூச்சு வாங்குதல், குழப்பம் என்று எது வந்தாலும் மோர், எலுமிச்சை என்று வீட்டில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். குழந்தைகளுக்கு உடல் எடை குறைவு என்பதால் சிறு அளவே அதிகமாகிவிடும். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மிச்சக் கறியையும் உரித்துப் போட்ட உறையையும் ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள். மூங்கில் குருத்து சாப்பிட்டதையும், அதை எவ்வளவு நேரம் வேகவைத்தீர்கள் என்பதையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.