குறும்படம்: ரஷ் முதல் டிசிபி வரை, ஒலி நழுவாமல் கொண்டுபோவது எப்படி

ஏற்காட்டில் எடுத்த படத்தை சேலத்தில் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே எடிட் செய்து தியேட்டர் திரை வரை கொண்டுபோகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெட்டவும் ஒட்டவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். கண்ணங்குறிச்சிப் பக்கம் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தோன்றும், ஒரு காலத்தில் ஊரிலேயே ஸ்டூடியோ இருந்தது. இப்போது எடிட் வீட்டில், மிக்சிங் சென்னையில், தியேட்டரில் ஓட்டும் ஃபைலான டிசிபி இன்னொருவர் கையில். ஆள் மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒலிக்கும் படத்துக்கும் இடையே சண்டை மூளலாம். அதனால் அந்த இடங்களைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

1. ரஷ்

கார்டை இரண்டு டிஸ்கில் காப்பி எடுத்த பிறகுதான் அழிக்க வேண்டும். இது எல்லாரும் சொல்வதுதான். பலரும் பார்க்காமல் விடுவது ஃபிரேம் ரேட். கேமரா மெனுவில் 24p என்று இருந்தாலும் பல மிர்ரர்லெஸ் கேமராக்கள் எடுப்பது நொடிக்கு 23.976 ஃபிரேம்தான். கேமராவில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட்டுவிட்டு ஃபைலையே கேளுங்கள்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=r_frame_rate -of csv=p=0 C0012.MP4
```

24/1 என்று வந்தால் சரியான 24. 24000/1001 என்று வந்தால் 23.976. எது வந்ததோ அதையே புராஜெக்ட் செட்டிங்கில் முதலில் போடுங்கள். டாவின்சி ரிசால்வில் கிளிப்களை மீடியா பூலில் போட்டுவிட்டால் புராஜெக்டின் ஃபிரேம் ரேட்டை மாற்ற விடாது.

ஒலியைத் தனி ரெக்கார்டரில் எடுத்திருந்தால் 48 கிலோஹெர்ட்ஸா என்று பார்த்துவிட்டு, கிளாப் சத்தத்தை வைத்து சிங்க் செய்துகொள்ளுங்கள். ஏற்காட்டு லொகேஷனில் இன்னொரு விஷயம் இருக்கிறது. மாலை ஆனதும் சில்வண்டுகள் கிளம்பிவிடும். ஒரே காட்சியின் பாதி ஷாட் நாலு மணிக்கும் மீதி ஆறு மணிக்கும் எடுத்திருந்தால், வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் அந்தச் சத்தம் வந்து வந்து போகும். ஆள் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் எடுத்த ஆம்பியன்ஸ் இருக்கிறதா என்று ரஷ் பார்க்கும் அன்றைக்கே தேடுங்கள். இல்லையென்றால் மறுபடி மலையேறிப் பதிவு செய்ய அப்போதுதான் நேரம் இருக்கும்.

2. ரஃப் கட், பிக்சர் லாக்

ரஃப் கட்டில் பாட்டோ பிஜிஎம்மோ போடாதீர்கள். தொய்வான காட்சியையும் இசை தூக்கிக் காட்டிவிடும், வெட்ட மனசு வராது. இனிப் படத்தில் வெட்டு மாறாது என்று பிக்சர் லாக் சொன்னால் அது லாக்தான். அதற்குப் பிறகு பத்து ஃபிரேமை வெட்டினாலும் ஒலியில் வேலை செய்கிறவர் அந்த இடத்திலிருந்து எல்லாவற்றையும் நகர்த்த வேண்டியிருக்கும்.

3. ஒலிக்கு ஒப்படைப்பது

கொடுக்க வேண்டியவை மூன்று: டைம்கோடு தெரிகிற ஒரு வீடியோ, ஒலித் துண்டுகளை டைம்லைனில் இருந்தபடியே கொண்டுபோகும் ஏஏஎஃப் ஃபைல், எந்த ஃபிரேம் ரேட் என்று எழுதிய ஒரு குறிப்பு. ஏஏஎஃப் எடுக்கும்போது ஒவ்வொரு கிளிப்புக்கும் முன்னும் பின்னும் சில நொடி ஹேண்டில் விடுங்கள். அது இல்லாமல் வசனங்களுக்கு நடுவே மெதுவாக ஃபேட் போட முடியாது.

இதோடு இரண்டு பீப் சேர்க்க வேண்டும். படத்தின் முதல் ஃபிரேம் 01:00:00:00-ல் தொடங்குகிறது என்றால், 00:59:58:00-ல் ஒரே ஒரு ஃபிரேம் நீளத்துக்கு 1 கிலோஹெர்ட்ஸ் பீப், அதே ஃபிரேமில் திரையில் 2 என்ற எண். கடைசி ஃபிரேம் முடிந்து இரண்டு நொடி கழித்து அதேபோல இன்னொன்று. முன்னால் இருப்பதை எல்லாரும் போடுகிறார்கள். பின்னால் இருப்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அது எதற்கு என்று கீழே பாருங்கள்.

தெரிந்த தம்பி ஒருவன் நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்தில் ஒரு படம் எடுத்தான். 22 நிமிடம். தியேட்டரில் போட்டுப் பார்த்தபோது முதல் காட்சி கச்சிதம். கடைசிக் காட்சியில் ஜீப் கதவைச் சாத்திவிட்டு ஆள் நடக்கத் தொடங்கிய பிறகு 'டப்' என்று கேட்டது. "அண்ணா, தியேட்டர் ஸ்பீக்கர்ல ஏதோ கோளாறு" என்றான்.

கோளாறு ஸ்பீக்கரில் இல்லை. படம் 23.976-ல் எடிட் ஆனது. டிசிபி செய்தவருக்குப் போனது டிஃப் படங்களாக, ஒலி தனி வேவ் ஃபைலாக. டிஃப் படத்துக்கு வேகம் என்ற ஒன்றே கிடையாது. வரிசையாக அடுக்கிய போட்டோக்கள், அவ்வளவுதான். அவை டிசிபியில் நொடிக்கு 24 வீதம் ஓடின. வேவ் மட்டும் பழைய நீளத்திலேயே இருந்தது. வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்கு. 22 நிமிடம் என்பது 1320 நொடி, ஆகவே கடைசியில் ஒலி சுமார் 1.3 நொடி பின்தங்கும். கணக்கு சரியாகப் பொருந்தியது.

கண்டுபிடிக்கும் வழி இதுதான். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே அளவு தள்ளியிருந்தால் யாரோ ஃபைலின் தலைப்பகுதியை வெட்டியிருக்கிறார்கள், நகர்த்தி வைத்தால் போதும். போகப் போகத் தள்ளினால் வேகம் மாறியிருக்கிறது. முன் பீப் பொருந்தி, பின் பீப் பொருந்தாவிட்டால் இரண்டாவது வகை என்று படம் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

தீர்வு, ஒலியையும் அதே அளவு வேகப்படுத்துவது:

```
ffmpeg -i mix.wav -af "asetrate=48048,aresample=48000" -c:a pcm_s24le mix_24.wav
```

சுருதி ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறும், காதுக்குத் தெரியாது. படத்தையும் ஒலியையும் ஒரே MOV ஃபைலாகக் கொடுத்தால் டிசிபி செய்யும் மென்பொருளான டிசிபி-ஓ-மேட்டிக் தானே இரண்டையும் சேர்த்து 24-க்குக் கொண்டுபோய்விடும். அதனால் நான் டிஃப் கொடுப்பதே இல்லை.

4. மிக்சிங்

வசனத்தை முதலில் முடியுங்கள், அப்புறம் எஃபெக்ட்ஸ், ஆம்பியன்ஸ், கடைசியாக இசை. நீங்களே செய்வதானால் ரிசால்வின் ஃபேர்லைட்டே போதும், ஏஏஎஃப் தொல்லையே இல்லை. ரீப்பர் மலிவு, எனக்கும் பிடிக்கும். ஆனால் அது ஏஏஎஃப்பை நேரடியாகத் திறக்காது.

தியேட்டருக்கு என்றால் ஸ்டீரியோவோடு நின்றுவிடாதீர்கள். வசனம் இடது வலது ஸ்பீக்கர்களில் மட்டும் வந்தால், ஓர இருக்கையில் இருப்பவருக்கு நடுத்திரையில் நிற்கிற ஆள் பக்கத்துச் சுவரிலிருந்து பேசுவதுபோல இருக்கும். 5.1 செய்து வசனத்தை சென்டரில் வையுங்கள். யூடியூபுக்குத் தனி மிக்ஸ், சராசரிச் சத்த அளவு -14 எல்யூஎஃப்எஸ் பக்கத்தில். தியேட்டர் மிக்ஸை அப்படியே ஏற்றினால் போனில் வசனம் கேட்காது.

5. மாஸ்டரிங்

பீப் இரண்டையும் எடுத்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், பீப்போடு திரைக்கு வந்த படங்கள் உண்டு. 2கே டிசிபியில் ஃப்ளாட் என்றால் 1998×1080, ஸ்கோப் என்றால் 2048×858. 1920×1080-ல் எடுத்த படத்தை இழுத்து நிரப்பாமல், இரு பக்கமும் மெல்லிய கறுப்புப் பட்டையோடு ஃப்ளாட்டில் வைப்பதே என் வழக்கம்.

பின்சேர்க்கை: போனில் எடுத்த ஷாட்டுகள் மட்டும் நழுவுவதாகச் சிலர் கமெண்டில் எழுதியிருந்தார்கள். பல போன்கள் ஒரே ஷாட்டுக்குள்ளேயே ஃபிரேம் ரேட்டை ஏற்றி இறக்கும். எடிட்டுக்குள் கொண்டுவருவதற்கு முன்பே நிலையான வேகத்துக்கு மாற்றுங்கள்:

```
ffmpeg -i phone.mp4 -r 24 -c:v prores_ks -profile:v 3 -c:a pcm_s16le phone_24.mov
```

புராஜெக்ட் 23.976 என்றால் 24-க்குப் பதில் 24000/1001 என்று போட வேண்டும். 30-ல் எடுத்ததை இப்படி மாற்றினால் கேமரா பக்கவாட்டில் திரும்பும் ஷாட்டுகளில் லேசாகத் தத்தும். அதற்கு மருந்து கிடையாது, படப்பிடிப்பின்போதே போன் ஆப்பில் 24-ஐ நிலையாக வைத்துவிட வேண்டும். தியேட்டர்காரர் சோதனை ஓட்டத்துக்கு ஐந்து நிமிடம்தான் தருவேன் என்றால், கடைசி ஐந்து நிமிடத்தைப் போடச் சொல்லிக் கேளுங்கள்.