பெனால்டி கார்னரைப் பார்க்கக் கற்றுக்கொள்வது: பள்ளி இறுதிப் போட்டிக்கு வரும் பெற்றோருக்கான செய்முறை விளக்கம்

கோவில்பட்டி கிருஷ்ணா நகர் செயற்கைப் புல் மைதானத்தில் பள்ளி ஹாக்கி இறுதிப் போட்டி நடக்கும்போது, பெற்றோர் அமர்ந்திருக்கும் பக்கத்திலிருந்து “கால்ல பட்டுட்டுல்லா சார், விசில் ஊதுங்க!” என்ற குரல் அடிக்கடி எழும். ஹாக்கியில் ஊறி வளர்ந்த ஊர் என்பதால் ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் விசிலுக்குப் பிறகு நடப்பது பலருக்குப் புரிவதில்லை. பள்ளி ஆட்டங்களின் முடிவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, தடுக்கும் அணியின் தவறுக்காகத் தாக்கும் அணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பான பெனால்டி கார்னர் என்பதால், அதை மட்டும் எடுத்துக்கொண்டு, விசிலையும் அட்டைகளையும் அதனோடு சேர்த்தே விளக்குகிறேன்.

படி 1: விசில் கேட்டதும் பந்தை விட்டுவிட்டு நடுவரின் கைகளைப் பாருங்கள்

மைதானத்தில் இரண்டு நடுவர்கள் இருப்பார்கள். ஆளுக்கு ஒரு பாதியைக் கவனிப்பார்கள். விசில் ஆட்டத்தை நிறுத்துமே தவிர, என்ன தண்டனை என்பதைக் கைகள்தாம் சொல்லும். ஒரு கை மட்டும் கிடைமட்டமாக நீண்டால், அந்தத் திசையில் ஆடும் அணிக்கு ஃப்ரீ ஹிட். இரண்டு கைகளும் கோலை நோக்கி நீண்டால் பெனால்டி கார்னர். ஒரு கை கோலுக்கு முன்னுள்ள புள்ளியையும் மற்றொரு கை வானத்தையும் காட்டினால், அந்தப் புள்ளியிலிருந்து ஒருவர் கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து ஆடும் பெனால்டி ஸ்ட்ரோக். இரண்டு கைகளும் மைதானத்தின் நடுவை நோக்கி நீண்டால் கோல். சிறு தவறுக்குக் குறுகிய விசிலும் கடும் தவறுக்கு நீண்ட, அழுத்தமான விசிலும் ஊதுவது நல்ல நடுவர்களின் வழக்கம்.

பந்து காலில் பட்டும் விசில் வரவில்லையென்றால், நடுவரின் ஒரு கை தோளுக்கு மேலே உயர்ந்து ஒரு திசையைக் காட்டுகிறதா என்று பாருங்கள். தவறுக்கு உள்ளான அணியிடமே பந்து இருப்பதால் ஆட்டம் தொடரட்டும் என்று அவர் விட்டிருக்கிறார். அங்கே விசில் ஊதினால் அந்த அணிக்குத்தான் நட்டம்.

படி 2: எதற்காகக் கொடுத்தார் என்று கண்டுபிடியுங்கள்

கோலைச் சுற்றி வில் போல வளைந்திருக்கும் கோட்டுக்குள் உள்ள பகுதியை நம்மூரில் ‘டி’ என்கிறோம். தடுக்கும் அணியினர் அதற்குள் செய்யும் தவறுக்கு, அது தெரியாமல் காலில் பட்டதாக இருந்தாலும்கூட, பெனால்டி கார்னர் கிடைக்கும். பெரும்பாலும் கோலாகியிருக்கக்கூடிய பந்தை அந்தத் தவறு தடுத்திருந்தால் பெனால்டி ஸ்ட்ரோக்காக மாறும். டி-க்கு வெளியே, ஆனால் 23 மீட்டர் கோட்டுக்குள், வேண்டுமென்றே செய்யும் தவறுக்கும் பெனால்டி கார்னர் உண்டு; வேண்டுமென்றே பந்தைத் தம் பின்கோட்டுக்கு வெளியே தள்ளினாலும் அதே தண்டனைதான்.

படி 3: ஆட்கள் நிற்கும் விதத்தை எண்ணிப் பாருங்கள்

தடுக்கும் அணியில் கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர் வரை பின்கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். தாக்கும் அணியில் ஒருவர், கோல் கம்பத்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளிப் பின்கோட்டின் மீது பந்தை வைத்து, ஒரு காலையாவது மைதானத்துக்கு வெளியே ஊன்றி, பந்தை உள்ளே தள்ளுவார். அவருடைய தோழர்கள் காலோ கையோ மட்டையோ டி-க்குள் படாமல் வெளியே காத்திருப்பார்கள். பந்து நகரும் வரை யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது.

உள்ளே வரும் பந்து ஒருமுறை டி-யை விட்டு வெளியேறிய பிறகு அடித்தால்தான் கோல் செல்லும். அதனால்தான் ஒருவர் கோட்டுக்குச் சற்று வெளியே பந்தை நிறுத்த, இன்னொருவர் அதை உள்ளே இழுத்து அடிக்கிறார். முதல் அடி மட்டையை ஓங்கி அடிப்பதாக இருந்தால், பந்து கோல் கோட்டைக் கடக்கும்போது 460 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கோலின் அடியில் தெரியும் பலகையின் உயரம் அதுதான். ஓங்காமல் மட்டையோடு இழுத்து வீசும் டிராக் ஃபிளிக்குக்கு இந்த வரம்பு இல்லை. ஒரே உயரத்தில் வலைக்குள் போன இரண்டு பந்துகளில் ஒன்று கோலாகவும் மற்றொன்று ஃப்ரீ ஹிட்டாகவும் ஆவதற்குக் காரணம் இதுவே.

படி 4: அட்டையைத் தனியாகக் கணக்கிடுங்கள்

முக்கோண வடிவப் பச்சை அட்டை பெற்றவர் 2 நிமிடமும், சதுர மஞ்சள் அட்டை பெற்றவர் குறைந்தது 5 நிமிடமும் வெளியே அமர வேண்டும். வட்டச் சிவப்பு அட்டை பெற்றவர் மீண்டும் ஆட முடியாது. அவருக்குப் பதிலாக வேறு ஆள் இறங்க முடியாது. அட்டை ஆளுக்கான தண்டனை. கார்னரோ ஃப்ரீ ஹிட்டோ அந்தத் தவறுக்கான தண்டனை. ஒரே தவறுக்கு இரண்டும் சேர்ந்து வரலாம்.

படி 5: ஓர் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் இவற்றைப் பொருத்திப் பாருங்கள்

பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்று 2–1 என முன்னிலையில் இருப்பதாகவும், அதன் வீரர் ஒருவர் மஞ்சள் அட்டையில் வெளியே இருப்பதாகவும் கொள்வோம். சில வினாடிகளே மிஞ்சியிருக்கையில் டி-க்குள் அந்த அணியின் ஒருவர் காலில் பந்து படுகிறது. நடுவரின் இரு கைகளும் கோலை நோக்கி நீள்கின்றன. ஆள் குறைந்திருந்தாலும் பின்கோட்டில் ஐந்து பேர் நிற்பதைக் கண்டு கோவில்பட்டிப் பெற்றோர் கோபப்படத் தேவையில்லை. மீதி ஐந்து பேர் நடுக்கோட்டுக்கு அப்பால் இருக்கிறார்கள்; அட்டையின் இழப்பு அங்கேதான் விழும்.

பந்து நகருமுன்பே தடுப்பவர் ஒருவர் பாய்ந்துவிடுகிறார். விசில். அவர் நடுக்கோட்டுக்கு அப்பால் அனுப்பப்படுகிறார், அவர் இடத்தில் வேறு யாரும் வர முடியாது, நால்வர் மட்டும் தடுக்க அதே கார்னர் மீண்டும் எடுக்கப்படுகிறது. இதற்குள் நேரம் முடிந்துவிட்டாலும், கொடுத்த பெனால்டி கார்னர் முடியும் வரை ஆட்டம் நீளும்.

இம்முறை அடித்த பந்து, 5 மீட்டருக்குள் ஓடிவந்த தடுப்பு வீரரின் முழங்காலுக்குக் கீழே படுகிறது. மறுபடியும் பெனால்டி கார்னர். இது பழையதன் மறுமுறை அன்று, புதியது. ஆகவே மீண்டும் ஐந்து பேர் நிற்கலாம். “இப்பத்தானே நாலு பேரு, அதுக்குள்ள எப்படி அஞ்சு?” என்று பக்கத்தில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இந்தப் புதிய கார்னரின் முதல் அடியும் 5 மீட்டருக்குள் அதே வீரர் மீது, ஆனால் நேராக நின்றிருந்த அவருடைய தொடையில் படுகிறது. உடம்பில் பட்டதால் இன்னொரு கார்னர் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். விதி வேறு: 5 மீட்டருக்குள் வரும் முதல் அடி, இயல்பாக நிற்பவரின் முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால் அது ஆபத்தான அடி, ஃப்ரீ ஹிட் தடுத்த அணிக்கே போகும். அரங்கில் சண்டை மூளும் இடம் இதுதான். ஆனால் ஓடிவரும் பிள்ளையின் உடம்பைக் காக்கும் விதி என்பதால், எந்த அணியின் பெற்றோரும் இதை மனமார ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. நடுவரின் ஒரு கை பாளையங்கோட்டைப் பக்கம் நீள்கிறது. நேரம் ஏற்கெனவே முடிந்திருப்பதால் தாக்கிய அணியின் தவறோடு கார்னரும் முடிகிறது. அந்த ஃப்ரீ ஹிட் எடுக்கப்படாமலேயே இறுதி விசில் ஒலிக்கும், பாளையங்கோட்டை 2–1 என வென்றிருக்கும்.