மோசடி விசாரணையில் வங்கிக் கணக்கு முடங்கினால்: உங்கள் பணத்தை மீட்கும் வழி

காலையில் பணம் அனுப்பப் பார்க்கிறீர்கள், போகவில்லை. இருப்பு காட்டுகிறது, ஆனால் எடுக்க முடியவில்லை. வங்கிக்கு ஓடினால், “மேலிடத்து உத்தரவு, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது” என்கிறார்கள். தவறே செய்யாதவர்களுக்கும் இது நடக்கிறது.

ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். ஒருவர் தன் பழைய கேமராவை இணையத்தில் 18,000-க்கு விற்கிறார். பணம் வந்தது, கேமராவைக் கொடுத்துவிட்டார். பத்து நாள் கழித்துக் கணக்கு முடங்குகிறது. வாங்கியவன் மோசடிக்காரன். வேறொருவரை ஏமாற்றி, அவர் கையாலேயே விற்றவரின் கணக்குக்குப் பணம் அனுப்ப வைத்திருக்கிறான். ஏமாந்தவர் புகார் கொடுத்ததும், பணம் போய்ச் சேர்ந்த கணக்கு மாட்டிக்கொண்டது. அதில் கிடந்த மொத்த இருப்பு 1,40,000.

முதலில் வங்கியிடம் எழுத்தில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: முடக்கச் சொன்னது யார், அந்த உத்தரவின் எண்ணும் தேதியும் என்ன, எந்த வரவைப் பற்றியது. வங்கியே சந்தேகப்பட்டு நிறுத்தியிருந்தால், உங்கள் விளக்கத்தைப் பார்த்து அதுவே விடுவிக்கலாம். காவல்துறையோ நீதிமன்றமோ சொல்லி நிறுத்தியிருந்தால், அவர்கள் சொன்னால்தான் விடுவிக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் வங்கி மேலாளரோடு வாரக்கணக்கில் சண்டை போடுபவர்கள் நிறைய. சில நாடுகளில் விசாரணையைப் பற்றி வாடிக்கையாளரிடம் பேசவே வங்கிக்குச் சட்டத் தடை உண்டு. அப்போது பதில் வராது. ஆனாலும் கேட்ட கடிதத்தின் நகல் பின்னால் உதவும்.

அப்புறம் கணக்கு அறிக்கையை எடுத்து, ஒவ்வொரு வரவிலும் அனுப்பியவர் பெயரைப் பாருங்கள். நம் உதாரணத்தில் கேமரா வாங்கியவன் சொன்ன பெயர் ஒன்று, அறிக்கையில் 18,000-க்கு நேரே இருக்கும் பெயர் இன்னொன்று. அந்த வரியில்தான் விஷயம் இருக்கிறது. அதை நகலெடுத்து வட்டமிடுங்கள்.

அடுத்து அந்த ஒரு வரவுக்கு மட்டும் ஆதாரம் திரட்டுங்கள். விற்பனை விளம்பரம், வாங்கியவனோடு நடந்த உரையாடல் முழுவதும், கேமராவின் வரிசை எண், நீங்கள் அதை வாங்கிய ரசீது, அனுப்பிய சீட்டு. உரையாடலில் ஒரு வரியைக்கூட அழிக்காதீர்கள். இடையில் விடுபட்டிருந்தால் மறைக்கிறீர்கள் என்று தோன்றிவிடும்.

சரி, இப்போது உத்தரவிட்ட அதிகாரிக்கு மனு. இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். “நான் நிரபராதி, கணக்கைத் திறந்துவிடுங்கள்” என்று மட்டும் எழுதினால், விசாரணை முடியட்டும் என்பார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்:

“என் கணக்கில் 12ஆம் தேதி வந்த 18,000 குறித்தே இந்த விசாரணை. அது நான் விற்ற கேமராவின் விலை, ஆதாரங்களை இணைத்துள்ளேன். விசாரணை முடியும்வரை அந்த 18,000-ஐ மட்டும் நிறுத்தி வைத்து, மீதி 1,22,000-ஐ நான் பயன்படுத்த அனுமதிக்குமாறு வேண்டுகிறேன். மீதிப் பணம் என் சம்பளம் என்பதற்கான சீட்டுகளும் உள்ளன.”

சர்ச்சைக்குரிய தொகை பத்திரமாக இருக்கிறது, மற்றதைப் பிடித்து வைக்கக் காரணமில்லை என்பதே வாதம். இதை ஏற்பது அதிகாரிக்கும் எளிது. மனு கொடுத்ததற்கு முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள்.

பதில் வராவிட்டால் நீதிமன்றம். இந்தியாவில் காவல்துறை, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆவது பிரிவில் கணக்கை முடக்கினால், அதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். பணத்தை விடுவிக்க 503ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். பிரிட்டனில் நீதிமன்றம் தந்த முடக்க ஆணையை மாற்றக் கோரலாம், வாழ்க்கைச் செலவுக்குப் பணம் விடுவிக்கவும் கேட்கலாம். இந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் வேண்டும்.

இதற்கிடையே ஒரு ஆபத்து. “பணத்தைத் திருப்பி அனுப்பினால் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்” என்று யாராவது அழைத்து, வேறொரு கணக்கு எண் தருவார். அனுப்பவே அனுப்பாதீர்கள். அது மோசடிக்காரனின் இரண்டாவது வலையாக இருக்கலாம். அந்தப் பணமும் போகும், வழக்கும் அப்படியே இருக்கும். பணத்தை உரியவருக்குத் திருப்பித் தர உங்களுக்குச் சம்மதமென்றால் அதிகாரி வழியாக, எழுத்தில் மட்டும் தாருங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு முடக்கத்தை நீக்கித் தருவதாகச் சொல்பவர்களையும் அண்டவிடாதீர்கள்.

விடுவிப்புக் கடிதம் வங்கிக்குப் போன பிறகும் கணக்கு திறக்காமல் இருக்கலாம். ஒரே மோசடிக் கும்பல் மேல் பல ஊர்களில் புகார் இருந்தால், ஒரே கணக்குக்கு இரண்டு மூன்று உத்தரவுகள் வந்திருக்கும். ஒன்று நீங்கினாலும் மற்றது பிடித்து நிற்கும். “இந்தக் கணக்கின் மேல் இன்னும் எத்தனை உத்தரவுகள் நிலுவையில் உள்ளன?” என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். மிச்சமிருக்கும் ஒவ்வொன்றுக்கும் அதே ஆதாரக் கட்டோடு தனி மனு போட வேண்டும்.