'ஐ' உருபைப் பிடித்து 'தி'யைக் கற்றேன்

ஆங்கிலத்தில் எங்கே 'ஏ', எங்கே 'தி' என்பதில் பல வருடம் தடுமாறினேன். "முதல்முறை சொன்னால் ஏ, மறுமுறை தி" என்று படித்ததை நம்பி, "வீ பாட் ஏ ஹவுஸ். ஏ ரூஃப் லீக்ஸ்" என்று எழுதினேன். கூரையை அப்போதுதான் முதலில் சொல்கிறேன், ஆனாலும் தப்பு. வீடு என்றதுமே அதன் கூரையும் கேட்பவர் மனதில் வந்துவிடுகிறது. எந்தக் கூரை என்று அவர் கேட்கமாட்டார். அதனால் 'தி ரூஃப்'.

வழி தமிழிலேயே இருந்தது. "புத்தகம் வாங்கினேன்" என்றால் ஏதோ ஒரு புத்தகம். "புத்தகத்தை வாங்கினேன்" என்றால் உங்களுக்கும் தெரிந்த அந்தப் புத்தகம். இதை நாம் யோசிக்காமலே செய்கிறோம்! ஆக, கருத்து நம்மிடம் உண்டு. எல்லா இடத்திலும் அதைக் காட்டியே தீரவேண்டும் என்ற கட்டாயம்தான் இல்லை. இப்போது வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். 'ஐ' தானாக வந்து விழுந்தால் பெரும்பாலும் 'தி'.

மனிதர்களைக் குறிக்கும் சொற்களுக்கு இது உதவாது: "ஒரு டாக்டரைப் பார்த்தேன்" என்பதில் 'ஐ' எப்படியும் வரும். எழுவாயிலோ வரவே வராது. அங்கெல்லாம் "எது என்று கேட்பாரா?" என்றுதான் பார்க்கிறேன்.