அயர்ன் காண்டோர்: மேல் எல்லை தொடப்படும்போது செய்யும் தவறு

இண்டெக்ஸ் ஒரு ரேஞ்சுக்குள் நிற்கும் என்று நம்பி கால், புட் ஆப்ஷன்களை விற்று, இன்னும் தள்ளியிருக்கும் ஆப்ஷன்களைப் பாதுகாப்புக்கு வாங்குவதுதான் அயர்ன் காண்டோர். அதைப் புதிதாகப் போடுகிறவர்கள், நான் முன்பு பணம் இழந்த அதே இடத்தில் இழப்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லைக் கோட்டின் மேலேயே விற்பது

ஒரு இண்டெக்ஸ் ஆறு வாரமாக 9,700-க்கும் 10,300-க்கும் நடுவில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரீமியம் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று பலர் 10,300 காலையே விற்கிறார்கள். ரேஞ்சில் ஓடும் இண்டெக்ஸ் அடிக்கடி போய்த் தொடும் இடமே அதுதான். நான் எல்லையைத் தாண்டி 10,350 காலையும் 9,650 புட்டையும் விற்று, 10,450 காலையும் 9,550 புட்டையும் பாதுகாப்பு இறக்கைகளாக வாங்குவேன். பழைய உச்சம் 10,440-ல் இருந்தால் மேல் இறக்கை அதற்கும் அப்பால் அமையும். ஆனால் அதிகபட்ச இழப்பைத் தீர்மானிப்பது விற்ற ஸ்ட்ரைக்குக்கும் இறக்கைக்கும் உள்ள அகலம்தான். அதனால் முதலில் அகலத்தை முடிவு செய்துவிட்டு அப்புறம் சார்ட்டைப் பார்க்கவும்.

தொடப்படாத பக்கத்தை அளவுக்கு மீறி ஏற்றுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். மேலே சொன்ன காண்டோருக்கு இரண்டு பக்கமும் தலா 15, மொத்தம் 30 புள்ளிகள் பிரீமியமாகப் பெற்றிருந்தேன். எக்ஸ்பைரிக்கு இரண்டு வாரத்துக்குள் இண்டெக்ஸ் 10,320-க்கு ஏறியது. கீழ்ப்பக்கத்து 9,650/9,550 புட் ஸ்ப்ரெட் 3 புள்ளிக்கு வந்திருந்தது. அதை மூடிவிட்டு, 10,150/10,050 புட் ஸ்ப்ரெட்டை 25-க்கு விற்றேன். மொத்த வரவு 52 ஆனது, அதிகபட்ச இழப்பு 70-லிருந்து 48-ஆகக் குறைந்தது. கணக்கு அழகாகத்தான் இருந்தது.

ஆனால் லாபம் தரும் பரப்பு 9,620–10,380 என்பதிலிருந்து 10,098–10,402 ஆகச் சுருங்கிவிட்டது. பாதிக்கும் கீழ்! ரேஞ்ச் உடையாது என்று நம்பிப் போட்ட வியாபாரம், இண்டெக்ஸ் நடுவுக்குத் திரும்பினால் நஷ்டம் தருவதாக மாறிவிட்டது. எக்ஸ்பைரி அன்று இண்டெக்ஸ் 10,020. புட் ஸ்ப்ரெட்டில் 100 போய், 48 புள்ளி நஷ்டம். ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால் 30 முழுவதும் கையில் நின்றிருக்கும்.

இப்போது நகர்த்தினாலும் விற்கும் புட்டை ரேஞ்சின் நடுவான 10,000-க்குக் கீழேயே நிறுத்துகிறேன். அன்று 9,950/9,850-ஐ 12-க்கு விற்றிருந்தால், வரவு 39-தான், ஆனால் 10,020-ல் அத்தனையும் நின்றிருக்கும்.

இண்டெக்ஸ் இரண்டு நாள் தொடர்ந்து 10,300-க்கு மேல் முடிந்தால் கதை வேறு. அங்கே ரேஞ்ச் என்ற காரணமே போய்விட்டது. 15-க்கு விற்ற கால் ஸ்ப்ரெட் 40-ல் இருந்தாலும் 25 புள்ளி நஷ்டத்தோடு மூடிவிடவும்.

நஷ்டமான விற்பனையை மட்டும் மூடி, இறக்கையை வைத்திருப்பது

அது காண்டோர் இல்லை, புதிய பந்தயம்.

கடைசி வாரம்

தொடப்பட்ட காண்டோரை எக்ஸ்பைரி வாரத்துக்குள் கொண்டுபோக வேண்டாம். 10,350 அருகே நிற்கும் இண்டெக்ஸ் ஒரே நாளில் 60 புள்ளி ஏறினாலே, ஒரு மாதம் சேர்ந்த பிரீமியம் போய்விடும்.