சிவிடி கார் ஊளையிட்டுத் திணறினால்: பெல்ட்டைக் குறை சொல்வதற்கு முன் செய்யக்கூடாதவை

கோடையில் ஏலகிரி ஏறி வந்த, சிவிடி என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள கார்கள் கிட்டத்தட்ட ஒரே புகாரோடுதான் பட்டறைக்கு வருகின்றன. பொன்னேரி தாண்டி ஏற ஆரம்பித்ததும் மெல்லிய ஊளைச் சத்தம். பாதி வளைவுகள் முடிவதற்குள் அது பெரிதாகிறது. மேலே போகப்போக ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி இழுக்க யோசிக்கிறது. வீடு திரும்பி, வண்டி ஆறி, மறுநாள் காலை எடுத்தால் பாதி சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். அதை நம்பிச் சிலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் “பெல்ட் போயிடுச்சு” என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கியர்பாக்ஸையே மாற்றக் கிளம்புகிறார்கள். முதல் வகையினர் நல்ல பெல்ட்டைக் கெடுத்துக்கொள்கிறார்கள், இரண்டாம் வகையினர் பல நேரம் நல்ல பெல்ட்டைக் கழற்றிப் போடுகிறார்கள்.

சிவிடிக்குள் பல்சக்கரம் மாறி மாறிக் கோத்துக்கொள்வதில்லை. இரண்டு புல்லிகள், அவற்றுக்கு நடுவே நூற்றுக்கணக்கான சின்ன இரும்புத் தகடுகளைக் கோத்த ஒரு பெல்ட். ஆயில் அழுத்தம்தான் புல்லியின் இரு பக்கங்களையும் நெருக்கிப் பெல்ட்டை இறுகப் பிடிக்கிறது. அதே ஆயில் படலத்தின் வழியாகத்தான் இரும்பிலிருந்து இரும்புக்கு இழுவையும் போகிறது. அதனால் சிவிடி ஆயில் வழுக்க மட்டும் விட்டால் போதாது, பிடிக்கவும் வேண்டும். சூட்டில் ஆயில் இளகி, அதன் சேர்மானங்கள் தீர்ந்துபோனால் பிடி தளரும். பெல்ட் லேசாக வழுக்கும், வழுக்கிய இடத்தில் புல்லி கீறும், கீறலில் வந்த இரும்புத் தூள், ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு பாடிக்குள் போய் வால்வுகளை ஒட்டவைக்கும். அதன் பிறகு அழுத்தமும் குறையும். சூடு, ஆயில், பெல்ட் என்ற இந்த வரிசையில்தான் கெடுதல் நடக்கிறது. பழுது பார்ப்பதையும் இதே வரிசையில் செய்ய வேண்டும்.

சத்தம் எங்கிருந்து என்று பிரிக்காமல் விடுவது

சிவிடியில் அழுத்தி மிதித்தால் இன்ஜின் ஒரே ஸ்தாயியில் உறுமிக்கொண்டே வேகம் ஏறும். அது அதன் இயல்பு, பழுதல்ல. ஊளை வேறு. அதைப் பிரித்துப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

வண்டியை ‘பி’யில் நிறுத்தி இன்ஜினை 2,000 சுற்றுக்கு ஏற்றுங்கள். நின்ற இடத்திலேயே ஊளை வந்தால் ஆயில் பம்ப், குறைந்த ஆயில், அடைத்த ஃபில்டர், இல்லையென்றால் கியர்பாக்ஸுக்கு வெளியே ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர் போன்றவற்றைப் பார்க்க வேண்டும். நின்றால் சத்தமில்லை, ஓடினால் வருகிறது என்றால் வாலாஜா பக்கம் நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லாத நேரத்தில் 80-ல் போய் ஆக்சிலேட்டரை விடுங்கள். இன்ஜின் சுற்று இறங்கியும் சத்தம் சக்கர வேகத்தோடு மட்டும் மெல்லக் குறைந்தால் வீல் பேரிங்கும் டிஃபரன்ஷியலும் முதல் சந்தேகம். மிதிக்கும்போது வந்து, விட்டதும் மறைந்து, வேகத்தோடு ஸ்தாயி மாறிக்கொண்டே போனால்தான் பெல்ட், புல்லி, புல்லி பேரிங் பக்கம் போக வேண்டும். முன் சக்கர பேரிங் சத்தத்துக்குக் கியர்பாக்ஸை இறக்கியவர்கள் உண்டு. அந்த அலைச்சலையும் செலவையும் இந்தச் சின்னச் சோதனை தடுத்துவிடும்.

திணறும்போது மேலும் மிதிப்பது

இதுதான் எல்லாவற்றிலும் அதிகச் சேதம் செய்வது. பல சிவிடிகளில் ஆயில் அளவுக்குமேல் சூடானால் கம்ப்யூட்டரே இன்ஜின் இழுவையைக் குறைத்துவிடும். டாஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாமலேகூட இது நடக்கலாம். ஓட்டுபவருக்கு அது பிக்கப் போன மாதிரி தெரியும், உடனே கால் தரையைத் தொடும். கியர்பாக்ஸ் தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கும் நேரத்தில் அதன்மேல் பாரம் ஏற்றுகிறோம்.

செய்ய வேண்டியது: சமதளமான, வண்டி ஒதுங்க இடமுள்ள பக்கத்தில் நிறுத்தி, ‘பி’யில் போட்டு, ஏசியை அணைத்து, இன்ஜினை ஓடவிடுவது. இன்ஜின் ஓடினால்தான் பம்ப்பும் கூலன்ட்டும் சுற்றிச் சூட்டை வெளியே கொண்டுபோகும். இன்ஜின் வெப்பமுள் சிவப்பில் இருந்தால் மட்டும் அணைத்துவிடுங்கள். பதினைந்து இருபது நிமிடம் போதும். கியர்பாக்ஸ்மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

அப்புறம் ஒன்று. காட்பாடி மேம்பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது பிரேக் போடாமல் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பிடித்து வைக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அந்தச் சக்தி முழுவதும், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் சூடாகத்தான் மாறுகிறது. பிரேக்கை மிதியுங்கள்.

ஆயிலில் செய்யும் தவறுகள்

சென்ற கோடையில் ஆம்பூரிலிருந்து வந்த ஒரு செடானைச் சொன்னால் இது தெளிவாகும். 72,000 கிலோமீட்டர் ஓடியது. ஏலகிரியில் ஊளை, திணறல். “அண்ணே, இன்னொரு இடத்துல பெல்ட்டும் புல்லியும் மாத்தணும்னுட்டாங்க. நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க” என்றார் உரிமையாளர்.

ஸ்கேனரை மாட்டி ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தபோது கியர்பாக்ஸ் ஆயில் வெப்பம் 118 டிகிரியைத் தொட்டது. சாதாரண ஓட்டத்தில் 80, 90 பக்கம் இருக்க வேண்டியது. ஆயிலின் சூடு ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் அது கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது ஆயில் வேலையில் பழைய கணக்கு. அதேநேரம் முதல் புல்லி, இரண்டாம் புல்லி இரண்டின் சுற்றையும் பார்த்தோம். கம்ப்யூட்டர் கேட்கும் விகிதமும் உண்மையில் ஓடும் விகிதமும் ஏறக்குறைய ஒன்றாகவே போயின, ஏற்றத்தில் மட்டும் சில நொடிகள் விலகின. தேய்ந்துபோன பெல்ட் ஆறிய வண்டியில், சமதளத்திலும் விலகும். இது சூட்டில் மட்டும் விலகியது.

ஆயிலை வடித்தால் கருப்பாக, கருகிய வாடையோடு வந்தது. நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது, புதிய ஆயிலின் நிறமே கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வாடை பொய் சொல்லாது. கியர்பாக்ஸின் அடியிலுள்ள ஆயில் தட்டைக் கழற்றி, அதில் இரும்புத் தூளைப் பிடிக்கும் காந்தங்களைப் பார்த்தோம். சாம்பல் நிறத்தில் மை மாதிரி மெல்லிய பூச்சு இருந்தது. இந்தக் கிலோமீட்டருக்கு அது இயல்பு. விரலில் தேய்த்தால் மின்னும் ஊசித் துண்டுகள் வந்திருந்தால் கதை வேறு.

பழைய பில்லைக் கேட்டபோது விஷயம் வெளிவந்தது. முன்பு ஒரு கசிவை அடைத்துவிட்டு, சாதாரண ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை இரண்டு லிட்டர் ஊற்றியிருந்தார்கள். ‘ஆட்டோமேட்டிக்’ என்று டப்பாவில் இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் என்ற நினைப்பு. ஹோண்டாவின் புதிய சிவிடிகளுக்கு எச்.சி.எஃப்-2, நிசானுக்கு என்.எஸ்-3 என்று தனித்தனியாகக் கையேட்டில் போட்டிருப்பது விற்பனைக்காக அல்ல. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே எவ்வளவு பிடி வேண்டும் என்ற கணக்கு அதில் இருக்கிறது.

ஒருமுறை வடித்தால் ஆயில் முழுவதும் வராது. பாதியளவு டார்க் கன்வெர்ட்டரிலும் வால்வு பாடியிலும் தங்கிவிடும். அதனால் வடித்து, நிரப்பி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி வடிப்பதை மூன்று முறை செய்தோம். ஒவ்வொரு முறையும் பாதி மாறினால் பழையது கடைசியில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். அழுத்தம் கொடுத்து ஒரே மூச்சில் மாற்றும் மெஷினை இப்படிக் கருகிய ஆயில் உள்ள வண்டிக்கு நான் பயன்படுத்துவதில்லை. மூலையில் படிந்த தூள் கிளம்பி வால்வுக்குள் போகும்.

அளவு பார்ப்பதில்தான் நல்ல மெக்கானிக்கும் சறுக்குவார். பல சிவிடிகளில் அளவுக்குச்சி கிடையாது. வண்டி மட்டமாக நிற்க, இன்ஜின் ஓட, பிரேக்கை மிதித்தபடி எல்லா நிலைக்கும் லீவரைச் சில நொடிகள் மாற்றி, ஆயில் கையேடு சொல்லும் வெப்பத்துக்கு வந்த பிறகு அளவுத் திருகைத் திறக்க வேண்டும். சொட்டு சொட்டாக வழிந்தால் சரி. வேலூர் மே மாத மதியத்தில் நின்ற வண்டியைத் திறந்தால் ஆயில் ஏற்கெனவே விரிந்திருக்கும், வழிவதை நம்பினால் குறைவாகவே நிரப்புவோம். குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சி ஊளையிடும், கூடினால் ஆயில் நுரைத்து அதே ஊளை வரும்.

ரேடியேட்டரில் போர்த் தண்ணீர்

ஆயில் மாற்றியதோடு அந்த வண்டியை அனுப்பியிருந்தால் அடுத்த கோடையில் திரும்பி வந்திருக்கும். 118 டிகிரி ஏன் வந்தது? அந்தக் கியர்பாக்ஸின் ஆயிலை ஆற்றுவது இன்ஜின் கூலன்ட்தான், இரண்டும் ஒரு சிறிய ஆயில் கூலருக்குள் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். ரேடியேட்டரைத் திறந்தால் துருநிறத் தண்ணீர். கூலரைக் கழற்றினால் உள்ளே வெள்ளைப் படிவு. குறையும்போதெல்லாம் வீட்டுப் போர்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்.

பாலாற்றங்கரை ஊர்களின் நிலத்தடி நீர் எவ்வளவு உப்பு என்பதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. குடிக்க முடியாத தண்ணீர் கூலருக்கும் ஆகாது. மெல்லிய படிவுகூட சூடு கடப்பதைத் தடுக்கும். இன்ஜின் வெப்பமுள் நடுவிலேயே நிற்கும், கியர்பாக்ஸ் மட்டும் உள்ளே வேகும். கூலரை மாற்றி, சுற்று முழுவதையும் கழுவி, கம்பெனி சொன்ன கூலன்ட்டைக் காய்ச்சி வடித்த தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினோம்.

அதே ஏலகிரி, அதே பாரம், ஏசியோடு. இந்த முறை 98 டிகிரி. திணறல் இல்லை. ஊளை பெருமளவு குறைந்தது, ஆனால் முழுவதும் போகவில்லை. மிதிக்கும்போது 50, 60 வேகத்தில் மெல்லிய சத்தம் நின்றது, அது முதல் புல்லி பேரிங்கின் சத்தம் மாதிரி இருக்கிறது. சூடான காலத்தில் அதுவும் அடி வாங்கியிருக்கும். அதை உரிமையாளரிடம் மறைக்காமல் சொல்லி, 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை காந்தங்களைப் பார்க்கச் சொன்னேன். ஊசித் துண்டுகள் தென்பட்டால் கியர்பாக்ஸைத் திறந்தே ஆக வேண்டும். அப்போது பெல்ட்டை மட்டும் மாற்றக்கூடாது. கீறல் விழுந்த புல்லியில் புது பெல்ட் போட்டால் அதுவும் சீக்கிரமே வழுக்கும். புல்லிகளையும் சேர்த்து மாற்ற வேண்டும், வால்வு பாடியைச் சுத்தம் செய்ய வேண்டும், கூலரை மறுபடி கழுவ வேண்டும்.

இந்த வண்டிக்கு அடுத்த ஆயில் மாற்றத்தை 40,000 கிலோமீட்டருக்கு எழுதிக் கொடுத்தேன். கையேட்டில் ‘கடினமான பயன்பாடு’ என்று ஒரு தனி அட்டவணை இருக்கும், பலர் அதைப் புரட்டுவதில்லை. மலை, கடும் வெயில், நெரிசலில் குறுந்தூர ஓட்டம் என்று அதில் சொல்வதெல்லாம் ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை ஓட்டத்தில் அன்றாடம் நடப்பவை.